22 ஸ்லைடில் தொலைந்துபோன 30 ஏற்றுமதியாளர்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர்களுக்காக, ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தரும் வெளி யூனிட்டுகளுக்குப் போன துணி இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் விற்கிறோம். 4 கோடி ரூபாய் சீட் முதலீட்டுக்காக, முதலீட்டாளர்களுக்குக் காட்டும் விளக்கக்காட்சியான டெக்கை 22 ஸ்லைடில் செய்து பலருக்கு அனுப்பினோம். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் "என்ன செய்கிறீர்கள் என்றே புரியவில்லை" என்றார், இன்னொருவர் "நம்பர் ஒன்றோடொன்று ஒட்டவில்லை" என்றார். டெக்கையும் வாடிக்கையாளர் கணக்கு இருக்கும் எக்ஸெல்லையும் இணைத்திருக்கிறேன். தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள், எதை மாற்ற வேண்டும்?

பதில்:

ஸ்லைடுகளுக்குள் போகும் முன் 22 தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதி, அவற்றை மட்டும் வரிசையாகப் படித்தேன். எங்களைப் பற்றி, எங்கள் பயணம், தொலைநோக்கு, குழு, ஆலோசகர்கள், பிரச்சினை, தீர்வு, சந்தை, அம்சங்கள், தொழில்நுட்பம் என்று போய்க் கடைசியில் 'நன்றி'யில் முடிகிறது. இந்தப் பட்டியலில் துணி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. திருப்பூர் இல்லை. தலைப்புகளை அப்படியே எடுத்து ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனிக்குக் கொடுத்தால் அவர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம். புரியவில்லை என்றவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண் போன இடங்களில் புரிந்துகொள்ள எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவர் எவ்வளவு நேரம் பார்த்திருப்பார் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. டெக்குகளைப் பகிர உதவும் டாக்சென்ட் நிறுவனமும் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் டாம் ஐசன்மனும் 2015-ல் 200 ஸ்டார்ட்அப்களின் டெக்குகள் எப்படிப் படிக்கப்பட்டன என்று ஆராய்ந்தார்கள். முதலீட்டாளர் ஒரு டெக்கில் செலவிட்ட சராசரி நேரம் 3 நிமிடம் 44 விநாடி. உங்கள் டெக்குக்கு அதை வகுத்தால் ஸ்லைடுக்குப் பத்து விநாடி. நீங்கள் விற்பது என்ன என்பது 7-ம் ஸ்லைடில்தான் தெரிகிறது. ஒரு நிமிடம் போனபிறகும் அவருக்குத் தெரிந்தது உங்கள் லோகோவும், நிறுவனம் தொடங்கிய வருடமும், ஐந்து ஆலோசகர்களின் புகைப்படமும்தான்.

வரிசையை எப்படி அமைப்பது என்று கேட்டால் பலரும் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான செக்கோயா கேப்பிட்டலின் பட்டியலைக் காட்டுவார்கள். நிறுவனத்தின் நோக்கம் ஒரே வாக்கியத்தில், பிறகு பிரச்சினை, தீர்வு, ஏன் இப்போது, சந்தை, போட்டி என்று போகும். நல்ல பட்டியல்தான். ஆனால் அது எந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, உங்கள் கதை எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. என் கணக்கு வேறு. ஒரு ஸ்லைடைப் படித்து முடித்ததும் படிப்பவர் மனதில் ஒரு சந்தேகம் எழும். அடுத்த ஸ்லைடு அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வரிசை உடைந்துவிட்டது. "துணி தொலைகிறது, ஷிப்மென்ட் தாமதமாகிறது" என்று சொன்னதும் அவர் கேட்பது "சரி, அதனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம்?" என்பதைத்தான். உங்கள் டெக்கில் அந்த இடத்தில் வருவது மேகக் கணினிக் கட்டமைப்பின் வரைபடம்.

இதற்கு முன்பே தீர்க்க வேண்டிய ஒன்று உண்டு. எந்தக் கதையைச் சொல்லப்போகிறீர்கள் என்பதே இன்னும் முடிவாகவில்லை. உங்கள் எண்கள் அதை ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கின்றன, டெக்குக்குத்தான் அது தெரியவில்லை.

12-ம் ஸ்லைடில் "41 வாடிக்கையாளர்கள்" என்று இருக்கிறது. 17-ம் ஸ்லைடில் மாத வருமானக் கணக்கு 34 பேரை வைத்துப் போடப்பட்டிருக்கிறது. நம்பர் ஒட்டவில்லை என்றவர் கண்டுபிடித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். 41 பேர் சேர்ந்தார்கள், 7 பேர் விலகிவிட்டார்கள். அதை நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை, அவரே கழித்துப் பார்த்துக்கொண்டார். இப்படிக் கழித்துத் தெரிந்துகொள்ளும் எண் எப்போதும் மோசமான அர்த்தத்தில்தான் படிக்கப்படும். மறைக்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் மீதி 20 ஸ்லைடையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

எக்ஸெல்லில் அந்த 7 பேரைத் தேடினேன். சேர்ந்த 41 பேரில் 31 பேர் ஏற்றுமதியாளர்கள், 10 பேர் சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கும் ஜாப் ஒர்க்காரர்கள். விலகியவர்களில் ஏற்றுமதியாளர் ஒரே ஒருவர். மற்ற 6 பேரும் ஜாப் ஒர்க்காரர்கள். ஆக இப்போது இருப்பவர்கள் 30 ஏற்றுமதியாளர்கள், 4 ஜாப் ஒர்க்காரர்கள். முன்னவர்கள் மாதம் 15,000 ரூபாய் கட்டுகிறார்கள், பின்னவர்கள் 4,000.

இது விலகல் பற்றிய கெட்ட செய்தி இல்லை. உங்களிடம் இருப்பதிலேயே பெரிய செய்தி இதுதான். துணி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அவசரம் ஏற்றுமதியாளருக்குத்தான், ஜாப் ஒர்க்காரருக்கு இல்லை. அவருக்கு அது கூடுதல் வேலை, அதனால் காசும் குறைவாகத் தருகிறார், சீக்கிரம் விலகியும் விடுகிறார். ஏற்றுமதியாளர் கிட்டத்தட்ட நாலு மடங்கு தருகிறார், இருந்துவிடுகிறார். உங்கள் டெக் என்ன சொல்கிறது? "முழு ஜவுளிச் சங்கிலிக்குமான தளம்" என்கிறது. உண்மையில் நீங்கள் ஏற்றுமதியாளருக்கான கருவியை விற்கிறீர்கள், அதுவும் நன்றாகவே விற்கிறீர்கள். கதையை அதன்மேல் கட்டுங்கள். ஜாப் ஒர்க்காரர்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டோம், அவர்கள் இலவசமாகப் பதிவு செய்தால் போதும் என்று முடிவெடுத்தால் அதையும் டெக்கில் சொல்லலாம். தவறிலிருந்து தெரிந்துகொண்டு விலையை மாற்றியவர்கள் என்ற பெயர், 41 என்ற எண்ணைவிட மதிப்பு கூடியது.

இப்போது வரிசை. தலைப்பு ஒவ்வொன்றும் ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும், அதில் ஒரு கூற்று இருக்க வேண்டும், ஸ்லைடில் மற்றவை எல்லாம் அந்தக் கூற்றுக்கு ஆதாரமாக இருக்க வேண்டும். உங்கள் சரக்கை வைத்தே நான் எழுதிப் பார்த்தது இது:

1. ஜாப் ஒர்க்குக்குப் போன துணி இன்று எந்த யூனிட்டில் இருக்கிறது என்று பனியன் ஏற்றுமதியாளருக்குக் காட்டுகிறோம்.
2. ஒரு ஆர்டரின் துணி ஐந்தாறு யூனிட்டுகளுக்குப் போய் வருகிறது, அதைத் தொடர்வது போன் காலும், டெலிவரி சலான் எழுதும் டிசி புத்தகமும்தான்.
3. ஒரு யூனிட்டில் தாமதமானால் ஏற்றுமதியாளர் தன் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கிறது.
4. யூனிட்டில் டிசியைப் போட்டோ எடுத்தால் போதும், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசருக்கு நிலவரம் தெரிந்துவிடும்.
5. 30 ஏற்றுமதியாளர்கள் மாதம் 15,000 ரூபாய் கட்டுகிறார்கள், ஆறு மாதத்துக்கு முன் 12 பேர்.
6. சேர்ந்த 31 ஏற்றுமதியாளர்களில் ஒருவர்தான் விலகினார்.
7. எங்கள் போட்டி இன்னொரு மென்பொருள் இல்லை, எக்ஸெல்லும் வாட்ஸப்பும் பைக்கில் சுற்றும் ஃபாலோ-அப் ஆளும்.
8. எங்கள் நிறுவனர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக இருந்தவர், முதல் 12 வாடிக்கையாளர்களும் அவர் பழக்கத்தில் வந்தவர்கள்.
9. திருப்பூரில் மட்டும் ஆண்டுக்கு 16 கோடி, கரூரும் லூதியானாவும் அடுத்து.
10. 4 கோடியில் 18 மாதத்தில் 30-லிருந்து 150 ஏற்றுமதியாளர்களுக்குப் போவோம்.

இந்தப் பத்து வரியை மட்டும் படித்தாலே ஒருவருக்கு உங்கள் தொழில் புரியும். அதுதான் சோதனை. குழு ஸ்லைடு ஏன் எட்டாவதாகப் போனது என்று நீங்கள் கேட்கலாம். ஆளைப் பார்த்துத்தான் முதலீடு செய்கிறார்கள், முதலில் வையுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஊரறிந்த பெரிய நிறுவனத்தை உருவாக்கி விற்றவராக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். உங்கள் விஷயத்தில் நிறுவனரின் அனுபவம், பிரச்சினை என்னவென்று தெரிந்த பிறகுதான் பளிச்சென்று படும். "மெர்ச்சன்டைசர்" என்பதை முதல் ஸ்லைடில் படிக்கிற சென்னை, பெங்களூர் முதலீட்டாளருக்கு அது வெறும் பதவிப் பெயர். துணியைத் தேடி நாள் முழுக்கப் போன் போடுகிறவர் மெர்ச்சன்டைசர்தான் என்று முதல் நான்கு ஸ்லைடில் தெரிந்த பிறகு, அதே சொல் உங்கள் பக்கச் சாட்சியாகிவிடுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: "அவர் பழக்கத்தில் வந்தவர்கள்" என்று சொன்னதும் "பழக்கம் தீர்ந்த பிறகு?" என்ற கேள்வி வரும். அடுத்து வந்த 18 பேர் எப்படி வந்தார்கள் என்பதை அதே ஸ்லைடில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். எக்ஸெல்லில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, நிரப்பி வையுங்கள்.

மூன்றாம் ஸ்லைடு பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெக்கின் கனம் அங்கேதான் இருக்கிறது. இப்போது பிரச்சினை ஸ்லைடில் "துண்டு துண்டான விநியோகச் சங்கிலியில் டிஜிட்டல் வெளிப்படைத்தன்மை இல்லாமை" என்று இருக்கிறது. இதைப் படித்து யாருக்கும் வயிற்றைக் கலக்காது. ஒரே ஒரு ஆர்டரை எடுத்து நடத்திக் காட்டுங்கள். நூல் வாங்கி நிட்டிங்குக்குப் போகிறது, அங்கிருந்து சாயப்பட்டறை, பிறகு காம்பாக்டிங், வெட்டிய பீஸ் பிரிண்டிங்குக்குப் போய் வந்து தையலுக்குப் போகிறது. சாயப்பட்டறையில் நான்கு நாள் தாமதம் என்பது தையல் லைன் காலியாக நிற்கும் அன்றுதான் தெரிகிறது. கப்பலைத் தவறவிட்டால் பையர் காத்திருக்க மாட்டார். விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும், அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் அதிலேயே போய்விடலாம். துணி சாயம் போட்டுத் திரும்பும்போது எடை குறைவாக வந்தால், அது வழக்கமான பிராசஸ் நஷ்டமா அல்லது துணி எங்கேயோ போய்விட்டதா என்ற சண்டை தனி. அதை இந்த ஸ்லைடில் சேர்க்காதீர்கள். அதுவும் உண்மையான பிரச்சினைதான், ஆனால் இரண்டையும் சொன்னால் எதற்காகக் காசு கட்டுகிறார்கள் என்பது மங்கிவிடும்.

உங்களிடம் இதற்கு ஆதாரம்கூட இருக்கிறது, 18-ம் ஸ்லைடின் அடியில் பொடி எழுத்தில். ஒரு வாடிக்கையாளர் முந்தைய வருடம் 9 முறை விமானத்தில் அனுப்பியவர், உங்கள் மென்பொருள் வந்த வருடம் 2 முறைதான் அனுப்பியிருக்கிறார். இது ஒருவருடைய அனுபவம், நிரூபணம் ஆகாது. அந்த வருடம் அவருக்கு ஆர்டரே குறைவாக இருந்திருக்கலாம். மொத்தம் எத்தனை ஷிப்மென்டில் 9, எத்தனையில் 2 என்று கேட்டு வாங்குங்கள். வருடம் முடித்த இன்னும் நாலைந்து பேரிடமும் இதே இரண்டு எண்களைக் கேளுங்கள். வந்த எண்கள் அவ்வளவு அழகாக இல்லாவிட்டாலும் எல்லோரையும் போடுங்கள். ஐந்து பேரில் மூன்று பேருக்குக் குறைந்தது, ஒருவருக்கு மாற்றமில்லை, ஒருவருக்குக் கூடியது என்று இருந்தால் அதை நம்புவார்கள்.

அடுத்து, ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம். உங்கள் 9-ம் ஸ்லைடை எடுத்துக்கொள்கிறேன். மேலே செயலியின் மூன்று திரைகள், இடப்பக்கம் ஆறு அம்சங்கள், வலப்பக்கம் எட்டு வாடிக்கையாளர் லோகோக்கள், கீழே ஒரு வாடிக்கையாளரின் பாராட்டு, அதற்கும் கீழே "118 கோடி மதிப்புள்ள துணி எங்கள் தளத்தில்" என்ற வரி. தலைப்பு 'அம்சங்கள்'. இந்த ஸ்லைடு எதை நம்பவைக்கப் பார்க்கிறது? பயன்படுத்த எளிது என்றா, பெரியவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்றா, அளவு பெரியது என்றா? மூன்றும் வேறு வேறு கூற்றுகள். பத்து விநாடியில் கண் எங்கே போவது என்று தெரியாமல் லோகோக்களில் போய் நிற்கும், ஏனென்றால் அங்கேதான் நிறம் இருக்கிறது.

பிரிக்கும் முறை எளிது. தலைப்பை முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். நடுவில் "மேலும்" என்றோ "அத்துடன்" என்றோ போட வேண்டி வந்தால் அது இரண்டு ஸ்லைடு. எழுதிய வாக்கியத்தை ஆதரிக்காத எதுவும் அந்த ஸ்லைடில் இருக்கக் கூடாது. 9-ம் ஸ்லைடின் வாக்கியம் "யூனிட்டில் டிசியைப் போட்டோ எடுத்தால் போதும்" என்றால், தேவை இரண்டு திரைதான்: யூனிட் ஆள் போட்டோ எடுப்பது, மெர்ச்சன்டைசர் பார்ப்பது. ஆறு அம்சங்களில் நான்கு இந்தக் கூற்றுக்குச் சம்பந்தமில்லை, அவை பின்னிணைப்புக்குப் போகட்டும். லோகோக்கள் வாடிக்கையாளர் ஸ்லைடுக்கு. பாராட்டு வரியைத் தூக்கிவிடலாம். "சிறந்த சேவை, நல்ல ஆதரவு" என்பதை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதித் தருவார்கள்.

ஸ்லைடு எண்ணிக்கை கூடிவிடுமே என்ற பயம் வேண்டாம். ஒரே விஷயம் உள்ள 14 ஸ்லைடைப் புரட்டுவது, நெரிசலான 8 ஸ்லைடைப் படிப்பதைவிடச் சீக்கிரம் முடியும். ஏர்பிஎன்பி தொடங்கிய காலத்து டெக் பொதுவெளியில் கிடைக்கிறது, அதில் வருமான ஸ்லைடைப் பாருங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 10% கமிஷன் எடுக்கிறோம் என்பதுதான் அதன் மையம். அதைப் பெருக்கினால் என்ன வரும் என்ற கணக்கு அதற்குக் கீழே, அவ்வளவுதான். அந்த டெக்கைக் கோயில் சிலையாக்கவும் வேண்டியதில்லை. 2008-ல் தங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கப்பட்ட 7 முதலீட்டாளர்களில் 5 பேர் மறுத்தார்கள், 2 பேர் பதிலே போடவில்லை என்று ஏர்பிஎன்பி நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கியே பின்னாளில் எழுதியிருக்கிறார். டெக் தெளிவாக இருந்தால் மறுப்பவர் எதை மறுக்கிறார் என்பதாவது உங்களுக்குத் தெரியும்.

இனி எண்கள். அந்த 118 கோடியிலிருந்தே ஆரம்பிக்கலாம். அது உங்கள் தளத்தில் பதிவான துணியின் மதிப்பு, உங்கள் வருமானம் இல்லை. வருமானம் மாதம் 4,66,000 ரூபாய்: 30 பேரிடம் 15,000 வீதம் நாலரை லட்சம், 4 பேரிடம் 4,000 வீதம் 16,000. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 56 லட்சம். 118 கோடி என்று முதலில் படித்தவருக்கு, எட்டு ஸ்லைடு தள்ளி 56 லட்சம் என்று வரும்போது ஏமாற்றம்தான் மிஞ்சும். 56 லட்சம் இந்தக் கட்டத்துக்குக் கேவலமான எண் இல்லை. 118 கோடிதான் அதைக் கேவலமாக்குகிறது. தூக்கிவிடுங்கள்.

வளர்ச்சி வரைபடத்தில் நீங்கள் போட்டிருப்பது கூட்டுத்தொகை: இதுவரை சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது. கூட்டுத்தொகை வரைபடம் என்றுமே கீழே இறங்காது. தொழில் நின்றுபோனாலும் அது தட்டையாக நிற்குமே தவிர விழாது. அதனால் பழகிய முதலீட்டாளர்கள் அதைக் கண்டதும் முகம் சுளிப்பார்கள். மாதக் கடைசியில் காசு கட்டிக்கொண்டிருக்கும் ஏற்றுமதியாளர் எண்ணிக்கையைப் போடுங்கள். உங்கள் எக்ஸெல்லில் அது 12, 15, 17, 20, 24, 27, 30 என்று வருகிறது. ஏழு தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் எண், அச்சு பூஜ்ஜியத்திலிருந்து. இப்போதிருக்கும் வரைபடத்தில் அச்சு 10-ல் தொடங்குவதால் முதல் தூண் தரையோடு ஒட்டியும் கடைசித் தூண் வானளாவியும் தெரிகிறது. இந்த ஏழு எண்களையும் அப்படிப் போட்டால் இரண்டரை மடங்கு வளர்ச்சி பத்து மடங்காகத் தெரியும், கண்டுபிடிக்க ஒரு விநாடி போதும். தலையில் எண்ணை எழுதிய பிறகு பக்கவாட்டு அளவுகோலும் குறுக்குக் கோடுகளும் தேவையில்லை.

அலகுகளைப் பற்றி ஒரே வார்த்தை: சந்தை பில்லியன் டாலரில், வருமானம் லட்சத்தில், கேட்பது கோடியில், விலை ஆயிரத்தில் இருக்கிறது. இந்திய முதலீட்டாளருக்கு அனுப்புவது ரூபாயில், லட்சம் கோடியில் இருக்கட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் டாலருக்குத் தனிப் பிரதி செய்யுங்கள். ஒரே டெக்கில் இரண்டும் கலந்தால் படிப்பவர் மனக்கணக்குப் போடுவதிலேயே பத்து விநாடியும் போய்விடும்.

சந்தை ஸ்லைடுதான் உங்கள் டெக்கின் மிக ஆபத்தான ஸ்லைடு. "5 பில்லியன் டாலர் சந்தை" என்று போட்டிருக்கிறீர்கள். அது திருப்பூர் ஏற்றுமதியின் மொத்த மதிப்பை ஒட்டிய எண், அதாவது உங்கள் வாடிக்கையாளர்களின் விற்பனை. அவர்கள் மென்பொருளுக்குச் செலவிடப்போகும் தொகை இல்லை. உங்கள் சந்தையைக் கீழிருந்து கட்டுங்கள். பின்னிணைப்பில் நீங்களே தயாரித்த 900 ஏற்றுமதி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. 900 பேர், மாதம் 15,000, பன்னிரண்டு மாதம்: 16 கோடியே 20 லட்சம். இந்தப் பெருக்கலை அப்படியே ஸ்லைடில் காட்டுங்கள். மூன்று எண்ணையும் படிப்பவர் தனித்தனியே சோதித்துக்கொள்ளலாம், "900 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பட்டியலை நீட்டலாம்.

16 கோடி சின்னது என்று உங்களுக்கு உறுத்தும். சின்னதுதான். ஆனால் இதை மறைத்துவிட்டு, நிதி ஸ்லைடில் ஐந்தாம் ஆண்டு வருமானம் 86.47 கோடி என்று போட்டிருக்கிறீர்களே, அதை என்ன செய்வது? திருப்பூர் முழுவதையும் பிடித்தாலும் 16 கோடி என்றால், மீதி 70 கோடி எந்த ஊரிலிருந்து வரும்? இந்தக் கேள்வி வரத்தான் போகிறது. அதற்கு டெக்கிலேயே பதில் இருக்க வேண்டும். ஒன்று, அதே மாதிரி ஜாப் ஒர்க்கில் ஓடும் மற்ற ஊர்கள்: வீட்டு உபயோகத் துணிக்குக் கரூர், கம்பளிப் பின்னலாடைக்கு லூதியானா. அங்கே இரண்டு பேராவது சோதனைக்கு எடுத்திருந்தால் ஸ்லைடுக்கு உயிர் வரும். அல்லது, இதே 30 பேருக்கு விற்கக்கூடிய இரண்டாவது பொருள். இரண்டுமே இல்லையென்றால் உங்களுக்கு வேண்டியது வென்ச்சர் முதலீடு இல்லை என்று அர்த்தம். வங்கிக் கடனிலும் லாபத்திலும் நன்றாக ஓடக்கூடிய தொழில் அது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் இந்த டெக்கை அனுப்பும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

86.47 என்பதில் அந்த .47 எதற்கு என்றும் யோசியுங்கள். ஐந்தாம் ஆண்டை லட்சக் கணக்கில் துல்லியமாகச் சொல்லும்போது, கணித்தவர் எக்ஸெல்லின் தலையாட்டலை நம்பியிருக்கிறார் என்பதுதான் தெரிகிறது. நடந்து முடிந்ததற்கு 4.66 லட்சம் என்று துல்லியம் வேண்டும். வரப்போவதற்கு முழு எண் போதும். அறுபது கட்டங்கள் உள்ள அந்த ஐந்தாண்டு அட்டவணையைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிட்டு, 18 மாதத்தை மட்டும் முன்னால் வையுங்கள்.

அதுதான் கடைசி ஸ்லைடு. இப்போது அங்கே ஒரு வட்ட வரைபடம்: தயாரிப்பு 40%, விற்பனை 30%, நிர்வாகம் 20%, இதர 10%. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் வட்டம் இது. 4 கோடியை 18 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 22 லட்சம். உங்கள் இன்றைய செலவு மாதம் 11 லட்சம், வரவு போகக் கையைக் கடிப்பது 6 லட்சத்துக்குச் சற்று மேல். அப்படியென்றால் மாதாமாதம் இன்றைவிட மூன்றரை மடங்கு பணத்தைக் கரைக்கப்போகிறீர்கள். எதற்கு? எத்தனை விற்பனை ஆட்கள், எந்த ஊரில், எந்த மாதத்திலிருந்து என்பதைச் சொல்லுங்கள். மறுபக்கம், 30-லிருந்து 150-க்குப் போக 120 பேர் சேர வேண்டும், மாதத்துக்கு ஏழு பேர் வாக்கில். கடந்த ஆறு மாதத்தில் மாதத்துக்கு மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். வேகம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாக வேண்டும், பணம் மூன்றரை மடங்கு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அடுத்த கேள்வி தானாக வரும்: விற்பனைக்கு ஆள் போட்டால் வேகம் கூடும் என்பதற்கு என்ன ஆதாரம்? இதுவரை விற்றது நிறுவனரும் ஒரு ஆளும்தான். ஒருவேளை நீங்கள் கேட்க வேண்டியது இரண்டரை கோடியாக இருக்கலாம். அதை டெக் முடிவு செய்யாது. இந்த வகுத்தலைச் செய்து பார்த்த பிறகு நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

போட்டி ஸ்லைடில் நான்கு கட்டம் போட்டு மேல்வலது மூலையில் உங்களை மட்டும் வைத்திருப்பதை எடுத்துவிடுங்கள். அச்சுகளை நீங்களே தேர்ந்தெடுத்த படத்தில் நீங்கள் ஜெயிப்பது ஆச்சரியமில்லை.

எழுத்தளவு பற்றி கய் கவாசாகியின் 10-20-30 விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயின்ட் எழுத்து. அது மேடையில் பேசும் டெக்குக்குச் சொன்னது. நீங்கள் மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள், திறப்பவர் போனில் திறக்கக்கூடும், பக்கத்தில் நின்று விளக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். பவர்பாயின்ட்டின் அகலமான ஸ்லைடு 13.33 அங்குலம். போனைப் படுக்கவைத்துப் பார்த்தால் அது ஆறு அங்குலத்துக்கும் குறைவாகச் சுருங்கும். 28 பாயின்ட் எழுத்து 12 பாயின்ட் அளவில் தெரியும், உங்கள் 14 பாயின்ட் எழுத்து மருந்து அட்டை எழுத்தாகிவிடும். போனை நிமிர்த்திப் பிடித்தால் இன்னும் மோசம். ஆகவே அனுப்பும் டெக்கிலும் 24-க்குக் கீழே போகாதீர்கள். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காமல் வாக்கியத்தை வெட்டுங்கள். நீங்கள் பேசி விளக்க வேண்டிய சங்கதிகளுக்குத் தலைப்பு வாக்கியமே விளக்கமாகிவிடும், அதனால்தான் அதை முழு வாக்கியமாக எழுதச் சொன்னேன்.

மாற்றி முடித்ததும் முதலீட்டாளரிடம் போக வேண்டாம். ஜவுளி தெரியாத ஒருவர், உங்கள் அக்கா வீட்டுக்காரரோ பக்கத்து அலுவலக ஆடிட்டரோ யாராக இருந்தாலும் சரி, அவர் போனில் பிடிஎஃப்பைத் திறந்து ஸ்லைடுக்குப் பத்து விநாடி பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் போனை வாங்கிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன விற்கிறோம், யார் காசு கட்டுகிறார்கள், எத்தனை பேர் கட்டுகிறார்கள். நீங்கள் குறுக்கே விளக்க ஆரம்பித்தால் எந்த ஸ்லைடில் ஆரம்பித்தீர்களோ, அதைத்தான் மறுபடி எழுத வேண்டும். அந்த 18 பேர் எப்படி வந்தார்கள் என்ற கட்டத்தை நிரப்பிவிட்டு எக்ஸெல்லை மறுபடி அனுப்புங்கள். எட்டாவது ஸ்லைடும் பத்தாவது ஸ்லைடும் அந்தப் பதிலைப் பொறுத்து மாறக்கூடும்.